“எங்களிடம் அந்தப் பிரச்சினை வரவில்லை” என்று திரும்பி வரும் பக் ரிப்போர்ட்

*மூன்று மாதமாக ஃப்ரீலான்ஸ் டெஸ்டிங் செய்கிறேன். ஸ்டெப்ஸ், ஸ்கிரீன்ஷாட், எதிர்பார்த்த முடிவு எல்லாம் போட்டுத்தான் அனுப்புகிறேன். ஆனாலும் பாதி ரிப்போர்ட் ‘Cannot Reproduce’ என்று மூடப்படுகிறது. நான் எதை விடுகிறேன்?*

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சொல்வதுதான், ஆனாலும் அநேகமாக உங்கள் ஸ்டெப்ஸ் தொடங்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தொடங்குகின்றன. “லாகின் செய்யவும்” என்று முதல் ஸ்டெப் எழுதும்போதே உங்கள் கம்ப்யூட்டரில் நிறைய விஷயங்கள் முடிவாகிவிட்டன. எந்த பிரவுசர், எந்த மொழி, கடிகாரம் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது, கேஷில் பழைய பக்கம் ஏதாவது தங்கியிருக்கிறதா, அந்த அக்கவுன்ட்டில் ஏற்கெனவே என்ன டேட்டா இருக்கிறது. இதில் ஏதோ ஒன்றுதான் பக்கை வரவழைக்கிறது. டெவலப்பர் தன் கம்ப்யூட்டரில் நீங்கள் எழுதிய நான்கு ஸ்டெப்பையும் அப்படியே செய்கிறார், எல்லாம் சரியாக வருகிறது, மூடிவிடுகிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதைத்தானே அவர் செய்தார்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பயன் இருக்காது. எனக்கு இதே மாதிரி திரும்பி வந்த ஒரு ரிப்போர்ட்டை முழுசாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

2024 நவம்பரில் அப்பாயின்ட்மென்ட் போடும் ஒரு வெப் அப்ளிகேஷனை டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். காலண்டரில் தேதியைத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்த பக்கத்தில் சரிபார்க்கலாம், உறுதி செய்தால் “உங்கள் அப்பாயின்ட்மென்ட் பதிவாகிவிட்டது” என்று ஒரு பக்கம் வரும். நான் 2025 ஜனவரி 15-ஐத் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஜனவரி 14 என்று வந்தது. பெரிய பக், யாருக்கும் முன்னால் நான்தான் பிடித்தேன் என்ற அவசரத்தில் அடுத்த ஐந்தாவது நிமிடம் இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்:

தலைப்பு: தேதி தப்பாக வருகிறது
ஸ்டெப்ஸ்: 1. லாகின் செய்யவும். 2. அப்பாயின்ட்மென்ட் போடவும். 3. தேதியைப் பார்க்கவும்.
எதிர்பார்த்தது: சரியான தேதி வர வேண்டும்.
நடந்தது: தப்பான தேதி வருகிறது.
இணைப்பு: ஜனவரி 14 என்று காட்டும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்த ஒரு படம்.

மறுநாள் மூடிவிட்டார்கள். “பல தேதிகளில் முயன்றேன், சரியாகவே வருகிறது” என்று ஒரு வரி பதில். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த ரிப்போர்ட்டை டெவலப்பரின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தேன் என்றே அதில் இல்லை. அந்தப் படத்தில் 14 என்று இருக்கிறது, சரி, நான் 14-ஐத்தான் தேர்ந்தெடுத்திருந்தால்? நான் 15-ஐத் தொட்டேன் என்பதற்கு அந்தப் படத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. கை தவறிப் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டிருப்பான் என்று அவர் நினைத்தால் அது நியாயம்தான்.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகத் தோண்டினேன். நீங்களும் இதே வரிசையில் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில், சுத்தமான நிலையிலிருந்து மறுபடி செய்து பார்த்தேன். இன்காக்னிட்டோ விண்டோ, எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லை, புதிதாக உருவாக்கிய அக்கவுன்ட். அப்போதும் 14 தான் வந்தது. அதனால் கேஷும் பழைய டேட்டாவும் காரணமில்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு குரோமை விட்டு ஃபயர்ஃபாக்ஸில் செய்தேன், அதே கதை. பிறகு தேதியை மாற்றினேன். 20 போட்டால் 19, 1 போட்டால் முந்தைய மாதத்தின் கடைசி நாள். எந்தத் தேதியைப் போட்டாலும் சரியாக ஒரு நாள் குறைகிறது, ஒருமுறை கூட இரண்டு நாள் குறையவில்லை, கூடவும் இல்லை.

இந்த “சரியாக ஒரு நாள்” என்பதுதான் துப்பு. தேதி ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால் முதலில் நேர மண்டலத்தைச் சந்தேகப்படுங்கள். என் கம்ப்யூட்டர், உலகப் பொது நேரமான UTC-க்கு முன்னால் ஓடும் நேரத்தில் இருக்கிறது. டெவலப்பர் UTC-க்குப் பின்னால் இருக்கும் ஊரில் இருக்கலாம். அப்படியென்றால் ஒரே ஸ்டெப்ஸுக்கு இரண்டு பேருக்கும் வேறு வேறு முடிவு வருவதில் ஆச்சரியமில்லை.

இதைச் சோதிக்க எங்கும் போக வேண்டாம். குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `More tools` → `Sensors` போங்கள். அங்கே `Location` என்ற இடத்தில் சில ஊர்களின் பெயர்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இருப்பிடம் மட்டுமல்ல, அந்த டேபின் நேர மண்டலமும் மாறிவிடும். தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தை ரீலோட் செய்ய மறக்காதீர்கள், ஏனென்றால் பக்கம் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்த தேதிகள் பழைய மண்டலத்திலேயே இருக்கும். டெவலப்பர் டூல்ஸை மூடிவிட்டாலும் இந்த மாற்றம் போய்விடும். இது தெரியாமல் நான் ஒருமுறை அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தையே மாற்றி, பிரவுசரை மூடித் திறந்து இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சான் பிரான்சிஸ்கோ வைத்தேன், 15 போட்டால் 15 வந்தது. டெவலப்பர் சொன்னது உண்மைதான். டோக்கியோ வைத்தேன், 14 வந்தது. லண்டன் வைத்தேன், 15 சரியாக வந்தது. இங்கேயே நிறுத்தியிருந்தால் “கிழக்கே இருப்பவர்களுக்கு மட்டும் வருகிறது” என்று எழுதியிருப்பேன், அது முக்கால் உண்மையாக இருந்திருக்கும். ஏதோ ஒரு சந்தேகத்தில் லண்டனிலேயே ஜூலை 15-ஐப் போட்டுப் பார்த்தேன். ஜூலை 14 என்று வந்தது!

காரணம் தெரிந்துகொண்டால் இது மனதில் நிற்கும். காலண்டரில் நாம் தொடும் தேதியைப் பல வெப் அப்ளிகேஷன்கள் “அந்த நாளின் நள்ளிரவு 12 மணி, உள்ளூர் நேரப்படி” என்று வைத்துக்கொள்கின்றன. அதை சர்வருக்கு அனுப்பும்போது சில புரோகிராம்கள் UTC-க்கு மாற்றி, தேதிப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பும். UTC-க்கு முன்னால் இருக்கும் ஊரில் நள்ளிரவு என்றால் UTC-யில் அது இன்னும் முந்தைய நாள்தான். லண்டன் குளிர்காலத்தில் UTC-யோடு ஒன்றாக இருக்கிறது, அதனால் ஜனவரியில் பக் இல்லை. கோடைக்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், அதனால் ஜூலை 15 நள்ளிரவு என்பது UTC-யில் ஜூலை 14 இரவு 11 மணி. அந்த ஒரு மணி நேரம் போதும், தேதி மாறிவிடும்.

உங்கள் கம்ப்யூட்டர் UTC+5:30-ல் இருந்தால் பிரவுசர் கன்சோலில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
new Date(2025, 0, 15).toISOString()
// "2025-01-14T18:30:00.000Z"
```

ஜாவாஸ்கிரிப்டில் மாதம் 0-லிருந்து எண்ணப்படும், அதனால் 0 என்றால் ஜனவரி. நாம் கொடுத்தது 15, வெளியே வருவது 14.

இன்னொரு வேலையும் செய்தேன். டெவலப்பர் டூல்ஸில் `Network` டேபைத் திறந்து வைத்துக்கொண்டு உறுதி செய்யும் பட்டனை அழுத்தினேன். சர்வருக்குப் போன ரிக்வெஸ்ட்டைத் திறந்து `Payload` பார்த்தால் அதிலேயே `2025-01-14` என்று இருந்தது. இது ஒரு நிமிட வேலை, ஆனால் இதன் பலன் பெரியது. தப்பு சர்வரில் நடக்கவில்லை, பிரவுசரை விட்டுக் கிளம்பும்போதே தேதி தப்பாகிவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. சர்வர் பக்கம் வேலை செய்பவருக்கு ஒரு ரிப்போர்ட் போய், அவர் “இது என்னுடையது இல்லை” என்று தள்ளி, இன்னொருவரிடம் போய்ச் சேர நாலு நாள் ஆகும் என்ற நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

இதற்கெல்லாம் சேர்த்து எனக்கு நாற்பது நிமிடம் போல ஆனது. பிறகு எழுதிய ரிப்போர்ட் இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

தலைப்பு: அப்பாயின்ட்மென்ட் - UTC-க்கு முன்னால் உள்ள நேர மண்டலங்களில், தேர்ந்தெடுத்த தேதிக்கு ஒரு நாள் முந்தைய தேதி பதிவாகிறது

சூழல்: குரோம், ஃபயர்ஃபாக்ஸ் (இரண்டிலும் வெர்ஷன் எண், ஆபரேட்டிங் சிஸ்டம், அப்ளிகேஷனின் பில்ட் எண் கொடுத்தேன்). இன்காக்னிட்டோ விண்டோ, புதிய அக்கவுன்ட்.

தொடங்கும் நிலை: குரோம் டெவலப்பர் டூல்ஸ் → Sensors → Location → Tokyo. பக்கத்தை ரீலோட் செய்யவும். டெவலப்பர் டூல்ஸைத் திறந்தே வைக்கவும்.

ஸ்டெப்ஸ்:
1. லாகின் செய்து, “புதிய அப்பாயின்ட்மென்ட்” பக்கத்துக்குப் போகவும்.
2. காலண்டரில் 2025 ஜனவரி 15-ஐத் தேர்ந்தெடுக்கவும்.
3. “அடுத்து” பட்டனை அழுத்தவும். சரிபார்க்கும் பக்கத்தில் ஜனவரி 15 என்று இருப்பதைக் கவனிக்கவும்.
4. “உறுதி செய்” பட்டனை அழுத்தவும்.
5. பதிவான தேதியைப் பார்க்கவும்.

எதிர்பார்த்தது: ஸ்டெப் 3-ல் காட்டிய அதே தேதி, அதாவது 2025 ஜனவரி 15, பதிவாக வேண்டும்.

நடந்தது: 2025 ஜனவரி 14 பதிவாகிறது. எந்த எர்ரர் செய்தியும் வரவில்லை. “என் அப்பாயின்ட்மென்ட்கள்” பட்டியலிலும் ஜனவரி 14 தான் இருக்கிறது.

எத்தனை முறை: டோக்கியோவில் 5 முயற்சியில் 5.

மற்ற மண்டலங்கள்: சான் பிரான்சிஸ்கோ - வரவில்லை. லண்டன் - ஜனவரி 15-க்கு வரவில்லை, ஜூலை 15-க்கு வருகிறது.

கூடுதல் தகவல்: ஸ்டெப் 4-ல் போகும் ரிக்வெஸ்ட்டிலேயே தேதி 2025-01-14 என்று இருக்கிறது (படம் 3). என் ஊகம்: உள்ளூர் நள்ளிரவை UTC-க்கு மாற்றும்போது நாள் மாறுகிறது.

இணைப்பு: படம் 1 சரிபார்க்கும் பக்கம், படம் 2 பதிவான பக்கம், படம் 3 ரிக்வெஸ்ட்.

இதில் “தொடங்கும் நிலை” என்ற அந்த ஒரு பத்தியைத்தான் நீங்கள் விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது என் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவில்லை, டெவலப்பர் தன் கம்ப்யூட்டரை எப்படி என்னுடையது மாதிரி ஆக்குவது என்று சொல்கிறது. “நான் இந்த நேர மண்டலத்தில் இருக்கிறேன்” என்று எழுதியிருந்தால் அது வெறும் தகவல், அவர் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கலாம். “இதை இப்படி மாற்றவும்” என்று எழுதினால் அது ஒரு ஸ்டெப், செய்து பார்த்தே ஆக வேண்டும்.

எதிர்பார்த்த முடிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் புதியவர்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். “சரியான தேதி வர வேண்டும்” என்று எழுதினால் அது எதையும் சொல்லவில்லை. எது சரி, அது சரி என்று உங்களுக்கு யார் சொன்னது, இரண்டும் அதில் இருக்க வேண்டும். இந்த ரிப்போர்ட்டில் நான் என் சொந்த அபிப்பிராயத்தை வைக்கவே இல்லை. அப்ளிகேஷனே ஸ்டெப் 3-ல் ஒரு தேதியைக் காட்டியது, ஸ்டெப் 5-ல் வேறு தேதியைக் காட்டுகிறது, தன் பேச்சைத் தானே மாற்றுகிறது. இதை “இது இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்” என்று யாராலும் மறுக்க முடியாது. எல்லா பக்கிலும் இவ்வளவு நல்ல ஆதாரம் கிடைக்காது. அப்போது கிளையண்ட் கொடுத்த டெஸ்ட் குறிப்பைத் தேடுங்கள், அப்ளிகேஷனின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள், போன வெர்ஷனில் எப்படி இருந்தது என்று பாருங்கள், அதே அப்ளிகேஷனின் இன்னொரு பக்கத்தில் அதே மாதிரி பட்டன் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். எதுவுமே கிடைக்கவில்லை, எனக்குத்தான் இது பிடிக்கவில்லை என்றால், அதை பக் என்று அனுப்பாமல் யோசனை என்று குறித்து அனுப்புங்கள். யோசனையை பக் வேஷத்தில் அனுப்பினால் ‘Works as Designed’ என்று திரும்பி வரும், அது உங்கள் ஏற்பு விகிதத்தைத்தான் குறைக்கும்.

ஊகத்தை “என் ஊகம்” என்று சொல்லித் தனியாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது. ரிக்வெஸ்ட்டில் 14 இருந்தது நான் கண்ணால் பார்த்தது. எந்த வரி கோடு அதைச் செய்தது என்று எனக்குத் தெரியாது. ஊகம் தப்பாகிப்போனாலும் மீதி ரிப்போர்ட் அப்படியே நிற்க வேண்டும். “உங்கள் டேட்டாபேஸ் தேதியைத் தப்பாகச் சேமிக்கிறது” என்று தலைப்பிலேயே எழுதி, டேட்டாபேஸ் சரியாக இருந்துவிட்டால், மொத்த ரிப்போர்ட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். தோண்டி முடித்த பிறகுதான் எங்கே, எந்த நிலையில், என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். என் முதல் தலைப்பு “தேதி தப்பாக வருகிறது”. அந்த ப்ராஜெக்ட்டில் அதே தலைப்பு பத்து வேறு வேறு பக்குகளுக்குப் பொருந்தும். இன்னொரு டெஸ்டர் டூப்ளிகேட் இருக்கிறதா என்று தேடும்போது அவரும் குழம்புவார். நீங்களும் அனுப்பும் முன் தேடுங்கள், ஒரே வார்த்தையில் தேடாமல் இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள், நீங்கள் “அப்பாயின்ட்மென்ட்” என்பதை இன்னொருவர் “புக்கிங்” என்று எழுதியிருப்பார். அதே பக் ஏற்கெனவே இருந்து, உங்களிடம் புதிய நிலை ஒன்று மட்டும் இருந்தால், லண்டன் ஜூலை மாதிரி, புதிய ரிப்போர்ட் போடாமல் பழையதில் கமென்ட்டாகச் சேர்த்துவிடுங்கள். காசு வராதுதான். ஆனால் ஒரே காரணத்தை மூன்று ரிப்போர்ட்டாக உடைத்து அனுப்பும் டெஸ்டரை டீம் லீடுக்கு சீக்கிரமே அடையாளம் தெரிந்துவிடும்.

சரி, ஸ்கிரீன்ஷாட். என் முதல் படத்தில் என்ன குறை என்று மேலே சொன்னேன், அது முடிவை மட்டும் காட்டியது, நான் கொடுத்ததைக் காட்டவில்லை. பெரும்பாலான பக்குகளுக்கு ஜோடியாகப் படம் வேண்டும். கொடுத்தது ஒன்று, வந்தது ஒன்று. வெட்டாமல் முழு விண்டோவையும் எடுங்கள், மேலே இருக்கும் முகவரிப் பட்டை தெரிய வேண்டும், ஏனென்றால் டெஸ்ட் சர்வரா லைவ் சர்வரா, எந்தப் பக்கம் என்று அதில்தான் தெரியும். தப்பு இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரே ஒரு சிவப்புக் கட்டம் போடுங்கள். ஐந்து அம்புக்குறி, மூன்று நிறம் என்று போட்டால் எதைப் பார்ப்பது என்று தெரியாது. விண்டோஸில் `Win+Shift+S`, மேக்கில் `Cmd+Shift+5`. பக்கம் நீளமாக இருந்தால் குரோம் டெவலப்பர் டூல்ஸில் `Ctrl+Shift+P`, மேக்கில் `Cmd+Shift+P` அழுத்தி `Capture full size screenshot` என்று தட்டுங்கள், முழுப் பக்கமும் ஒரே படமாக வரும். ஆனால் அதில் முகவரிப் பட்டை வராது, அதனால் URL-ஐ ரிப்போர்ட்டில் தனியாக எழுத வேண்டும்.

படத்தில் எர்ரர் செய்தி இருந்தால் அதை ரிப்போர்ட்டில் எழுத்தாகவும் ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை டெவலப்பரால் காப்பி செய்து கோடில் தேட முடியாது, இன்னொரு டெஸ்டர் டூப்ளிகேட் தேடும்போதும் அது சிக்காது. தலைகீழாகவும் நினைவில் வையுங்கள், ஸ்டெப்ஸைப் படத்துக்குள் எழுதி அனுப்பாதீர்கள். படம் திறக்காவிட்டாலும் ரிப்போர்ட் புரிய வேண்டும்.

வீடியோ எப்போது? ஏதாவது ஒரு கணம் மின்னி மறைகிறது, அனிமேஷன் நடுவில் சிக்குகிறது, இரண்டு பட்டனை வேகமாக அழுத்தினால்தான் வருகிறது, இப்படி நேரம் சம்பந்தப்பட்டதென்றால் வீடியோ வேண்டும். மற்றபடி இரண்டு படம் போதும். சில ப்ராஜெக்ட்டுகளில் எல்லா பக்குக்கும் வீடியோ கட்டாயம் என்று விதி இருக்கும், அப்போது முதல் ஸ்டெப்புக்கு முன்னாலிருந்தே பதிவு செய்யுங்கள், அரை நிமிடத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். பக் வந்த பிறகு பதிவைத் தொடங்கிய வீடியோவுக்கும் என் முதல் படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. `Network` டேபிலிருந்து மொத்தப் பதிவையும் HAR ஃபைலாக எடுத்து இணைக்கச் சிலர் கேட்பார்கள். அதற்குள் லாகின் குக்கீ, டோக்கன், சில சமயம் தட்டிய பாஸ்வேர்ட் கூட இருக்கலாம். கேட்டால் மட்டும் கொடுங்கள், டெஸ்ட் அக்கவுன்ட்டில் எடுத்ததை மட்டும் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டிலும் உங்கள் மற்ற டேப்களின் தலைப்பு, மெயில் அறிவிப்பு எல்லாம் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். கிளையண்ட்டின் உண்மையான வாடிக்கையாளர் பெயர் ஏதாவது படத்தில் வந்தால் மறைத்துவிடுங்கள், மங்கலாக்குவதை விடக் கறுப்புக் கட்டம் வைப்பது பாதுகாப்பு.

எல்லா பக்குக்கும் நாற்பது நிமிடம் செலவழிக்க முடியாதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஏற்கப்பட்ட பக்குக்கு மட்டும் காசு என்றால் நேரம் கணக்குதான். எழுத்துப்பிழைக்கு ஒரு படமும் URL-உம் போதும், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். டேட்டா தப்பாகச் சேமிப்பது, காசு தப்பாகக் கழிவது, ஒருவரின் விவரம் இன்னொருவருக்குத் தெரிவது, இவற்றுக்கு நேரம் கொடுங்கள். என் பக்கில் எர்ரர் எதுவும் வரவில்லை என்பதுதான் அதைத் தீவிரமாக்கியது. எர்ரர் வந்தால் மனிதர் மறுபடி முயல்வார். இங்கே அவருக்கு ஒன்றும் தெரியாது, 15-ஆம் தேதி நேரில் வந்து நிற்பார், அவர் இடம் நேற்றே முடிந்துபோயிருக்கும். தீவிரத்தை இப்படிப் பயனருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றுக்கும் ‘Critical’ போட வேண்டியதில்லை.

அரை மணி நேரம் தோண்டியும் எப்போது வருகிறது என்றே பிடிபடாத பக்குகளும் இருக்கின்றன. அவற்றை அனுப்பக் கூடாது என்று இல்லை. “20 முயற்சியில் 3 முறை வந்தது, வந்த நேரங்கள் இவை, இவற்றையெல்லாம் மாற்றிப் பார்த்தும் தொடர்பு தெரியவில்லை” என்று உள்ளதை எழுதுங்கள். வந்த நேரத்தை நேர மண்டலத்தோடு எழுதினால் டெவலப்பர் சர்வர் லாகில் அந்த நிமிடத்தைத் தேடிப் பார்க்க முடியும். எப்போதும் வரும் என்று எழுதி, அவருக்கு முதல் முறையிலேயே வராவிட்டால் அங்கேயே மூடிவிடுவார். 20-க்கு 3 என்று தெரிந்தால் பத்து முறையாவது முயன்று பார்ப்பார்.

மூடிய ரிப்போர்ட்டுக்குப் பதில் எழுதும்போது வாதாட வேண்டாம், புதிய தகவலை மட்டும் வையுங்கள். நான் எழுதியது இரண்டே வரி: “நீங்கள் சொன்னது சரி, UTC-க்குப் பின்னால் உள்ள மண்டலங்களில் வரவில்லை. கீழே உள்ளபடி Tokyo வைத்துப் பார்த்தால் எல்லா முறையும் வருகிறது, ரிப்போர்ட்டைத் திருத்தியிருக்கிறேன்.” அன்றே மறுபடி திறந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, சரி செய்துவிட்டோம், பாருங்கள் என்று புதிய பில்ட் வந்தது. டோக்கியோ சரி, லண்டன் ஜூலை சரி, சான் பிரான்சிஸ்கோ சரி. அந்த இடத்தில் ரிக்வெஸ்ட்டை மறுபடி திறந்து பார்த்தேன். இப்போது தேதியோடு மணியும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. டோக்கியோவிலிருந்து போனதில் அதிகாலை 3 மணி UTC என்று இருந்தது, அதாவது டோக்கியோவில் நண்பகல் 12. நள்ளிரவுக்குப் பதிலாக நண்பகலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. UTC-யை விட 12 மணி நேரம் வரை முன்னால் இருக்கும் ஊர்களுக்கு இது போதும். அதற்கும் முன்னால் இருக்கும் ஊர்? `Location`-இல் `Other` தேர்ந்தெடுத்து, நேர மண்டலப் பெட்டியில் `Pacific/Auckland` என்று தட்டினேன். ஜனவரியில் அங்கே கோடைக்காலம், UTC+13. ஜனவரி 15 போட்டேன், 14 என்று பதிவானது. ஜூலை 15 போட்டேன், அப்போது அங்கே UTC+12 தான், சரியாக வந்தது.

இந்த முறை தொடங்கும் நிலை, ஐந்து ஸ்டெப், இரண்டு படம், “முந்தைய திருத்தத்துக்குப் பிறகும் UTC+13-ல் வருகிறது” என்று தலைப்பு. எழுத எட்டு நிமிடம் ஆனது, அன்று மாலைக்குள் ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த பில்டில் ரிக்வெஸ்ட்டைப் பார்த்தபோது மணி எதுவும் இல்லாமல் `2025-01-15` என்று வெறும் தேதி மட்டும் போய்க்கொண்டிருந்தது.